குத்துமதிப்பில் வர்க்கமூலமும் பெரிய பெருக்கலும்: விடைகள் தள்ளித் தள்ளி இருக்கும்போது

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் என் சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர் வாழை உண்டு. ஆறடிக்கு ஆறடி இடைவெளி. ஒருநாள் வரப்பில் நின்றுகொண்டு, "சதுரமான வயலுன்னு வச்சுக்கோ. ஒரு பக்கம் எத்தனை அடி இருக்கும்?" என்று கேட்டார். ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்று எனக்குத் தெரியும். ஆனால் அதன் வர்க்கமூலத்துக்குப் பேனாவும் தாளும் தேடினேன். அவர் தேடவில்லை. "இருநூறுக்கு இருநூறு நாற்பதாயிரம். இருநூத்திப் பத்துக்கு இருநூத்திப் பத்து நாற்பத்தி நாலாயிரத்து நூறு. நம்ம ஏக்கர் அதுக்குக் கொஞ்சம் கீழ. எரநூத்தி ஒம்பது அடி போடு. ஆறடிக்கு ஒண்ணுன்னா வரிசைக்கு முப்பத்தஞ்சு கன்னு, முப்பத்தஞ்சு வரிசை. ஆயிரத்து இருநூறு சொச்சம் நிக்கும்டே" என்றார்.

சரியான கணக்கு 43,560-ஐ 36-ஆல் வகுத்தால் 1,210 வரும். அவர் சொன்ன 35 × 35 என்பது 1,225. கன்று வாங்கவும் ஆள் கூப்பிடவும் அந்தப் பதினைந்து கன்று வித்தியாசம் பெரிதில்லை. வர்க்கமூலத்தை ஒன்றிரண்டு தசமம் வரை பார்த்தால் 208.7. அவர் சொன்னது 209.

போட்டித் தேர்வுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது இந்த வரப்புக் கணக்கைத்தான். வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் 35 கணக்குக்கு 20 நிமிடம், அதாவது ஒரு கணக்குக்கு சுமார் 34 வினாடி. அதில் "தோராயமாக எவ்வளவு?" என்ற வகைக் கேள்விகளில், எண்களும் விடைகளும் குத்துமதிப்பாகப் போடுவதற்கென்றே அமைந்திருக்கும். அங்கே முழுப் பெருக்கல் போடுகிறவருக்கு விடை தெரிந்தாலும் நேரம் போய்விடும்.

முதலில் விடைகளைப் பாருங்கள், கேள்வியை அப்புறம்

பெரும்பாலோர் கேள்வியைப் படித்த உடனே பென்சிலை ஓட்டுகிறார்கள். நான் அதை நிறுத்தச் சொல்கிறேன். முதலில் கீழே இருக்கும் நான்கைந்து விடைகளையும் சிறிதிலிருந்து பெரிதாக மனத்துக்குள் வரிசையாக்குங்கள். பக்கத்துப் பக்கத்து விடைகளுக்கு இடையே எங்கே இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறது என்று தேடுங்கள். அந்தக் குறைந்த இடைவெளி எத்தனை சதவீதம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஒரு உதாரணம். √53824-க்கு விடைகள் 198, 232, 268, 322 என்று கொடுத்திருக்கிறார்கள். 232-க்கும் 268-க்கும் இடைவெளி 36. அது 232-இல் சுமார் 15 சதவீதம். மற்ற இடைவெளிகள் சதவீதத்தில் அதைவிடப் பெரியவை. நம் கணக்கில் உள்ள பிழை இந்த இடைவெளியின் பாதியைத் தாண்டாத வரை சரியான விடையைத் தவறவிட மாட்டோம். பாதி என்றால் ஏழு சதவீதம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நான் மூன்றில் ஒரு பங்கை, அதாவது ஐந்து சதவீதத்தை வைத்துக்கொள்கிறேன். ஐந்து சதவீதம் தாராளமான அனுமதி. அந்த அனுமதி கையில் இருக்கும்போது வர்க்கமூலத்தை நீள்வகுத்தல் முறையில் எடுப்பது வீண்.

இந்த நான்கு விடைகளில் இன்னொன்றும் கவனியுங்கள். நான்கின் வர்க்கமும் 4 என்ற இலக்கத்தில்தான் முடியும். கடைசி இலக்கத்தைப் பார்த்து விடை கண்டுபிடிக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்த குறுக்குவழி இங்கே எடுபடாது. கேள்வி எழுதுகிறவர்களுக்கும் அந்தக் குறுக்குவழி தெரியும்.

வர்க்கமூலம்: இரண்டிரண்டாகப் பிரிப்பதில்தான் எல்லாம்

குத்துமதிப்பில் தவறுகிறவர்கள் பெரும்பாலும் கொஞ்சமாகத் தவறுவதில்லை. மூன்று மடங்கு, பத்து மடங்கு என்று தவறுகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்று: எத்தனை இலக்கம் வரும் என்று பார்க்காமல் தொடங்குவது.

சேரன்மகாதேவியிலிருந்து காலை ரயிலில் வந்து படிக்கும் ஒரு பெண் இருந்தாள். கெட்டிக்காரி, வாய்ப்பாடு எல்லாம் தலைகீழாகத் தெரியும். √3985.9 என்ற கேள்விக்கு 200 என்று குறித்திருந்தாள். எப்படி வந்தது என்று கேட்டேன். "அண்ணே, அது நாலாயிரம். நாலுக்கு மூலம் ரெண்டு. மூணு சைபருக்குப் பாதி ஒன்றரை சைபர் வரும்ல, அதனால ரெண்டு சைபர் போட்டேன்" என்றாள். அவள் யோசித்தது தவறான இடத்தில் இல்லை. மூன்று பூச்சியம் பாதியாகாது என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அந்த இடத்தில் நின்று, அப்படியானால் 4-ஐத் தனியாக எடுத்தது தவறு என்று திரும்பியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். தசமப் புள்ளியிலிருந்து இடப்பக்கமாக இரண்டிரண்டு இலக்கமாகக் கோடு போடுங்கள். 3985 என்பது 39 | 85 ஆகும். இரண்டு கட்டு, ஆகவே மூலத்தில் புள்ளிக்கு முன்னால் இரண்டு இலக்கம். முதல் கட்டு 39. ஆறின் வர்க்கம் 36, ஏழின் வர்க்கம் 49. ஆகவே விடை அறுபதுகளில் இருக்கும், அதுவும் அறுபதுக்குப் பக்கத்தில். உண்மை விடை 63.1.

53824-க்கு வருவோம். பிரித்தால் 5 | 38 | 24. மூன்று கட்டு, மூன்று இலக்கம். முதல் கட்டு 5, இது 4-க்கும் 9-க்கும் இடையில். ஆக 200-க்கும் 300-க்கும் இடையில். நடுவில் 250 இருக்கிறது, அதன் வர்க்கம் 62,500. நம் எண் அதைவிடக் குறைவு. எனவே மூலம் 200-க்கும் 250-க்கும் இடையில். நான்கு விடைகளில் அந்த இடைவெளிக்குள் இருப்பது 232 மட்டும்தான். கணக்கு முடிந்தது. ஐந்து சதவீத அனுமதியைக்கூட நாம் தொடவில்லை. இரண்டு சுற்று எண்களுக்கு நடுவே அடைத்ததே போதும்.

இப்படி அடைக்க முடியாத இடத்தில் மட்டும் அடுத்த படி. பக்கத்தில் உள்ள முழு வர்க்கத்தை எடுத்து, மீதியை அந்த வர்க்கத்தின் மூலத்தின் இரட்டிப்பால் வகுத்து, அந்த மூலத்தோடு கூட்டுங்கள். √53-க்கு 7-இன் வர்க்கம் 49, மீதி 4, இரட்டிப்பு 14. 4-ஐ 14-ஆல் வகுத்தால் 0.29. ஆக 7.29. மேலே உள்ள வர்க்கத்திலிருந்தும் இதையே கழித்துச் செய்யலாம். சித்தப்பாவின் வயலுக்கு 210-இலிருந்து இறங்கினால், 44,100-க்கு 540 குறைவு. 540-ஐ 420-ஆல் வகுத்தால் 1.3. 210-இலிருந்து 1.3 போக 208.7. இந்த முறை எப்போதும் உண்மையைவிட ஒரு மயிரிழை கூடுதலாகக் காட்டும், ஒருபோதும் குறைவாகக் காட்டாது. விடைகள் தள்ளி இருக்கும்போது அந்த மயிரிழை பொருட்டே இல்லை.

புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்களுக்கும் அதே பிரிப்புதான், ஆனால் வலப்பக்கமாக. √0.9 என்றால் உடனே 0.3 என்று கை போகும். 0.90 என்று எழுதிப் பாருங்கள், கட்டு 90 ஆகிவிடும். மூலம் 0.9-க்கும் 1-க்கும் இடையில், சுமார் 0.95. 0.3-ஐ வர்க்கமாக்கினால் 0.09 தான் வரும்.

வர்க்கமூலத்தில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணில் நாம் செய்யும் பிழை, வெளியே வரும்போது பாதியாகிவிடும். 1.05-ஐ வர்க்கமாக்கினால் 1.10 ஆகிறது. அதாவது உள்ளே பத்து சதவீதம் கூட்டிவிட்டால் மூலம் ஐந்து சதவீதம்தான் கூடும். அதனால் வர்க்கமூலக் குறிக்குள் இருக்கும் எண்ணைத் தாராளமாக மாற்றலாம். √3985.9-ஐ √4000 என்று மாற்றியதில் மூலத்தில் ஏற்படும் மாற்றம் 0.2 சதவீதம்கூட இல்லை. வர்க்கம் எடுக்கும்போது இது தலைகீழ்: பிழை இரட்டிப்பாகும். அங்கே கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பெருக்கல்: ஒன்றைக் கூட்டினால் மற்றதைக் குறையுங்கள்

4873 × 6217. விடைகள்: 30,29,541, 2,42,95,441, 3,02,95,441, 3,62,95,441.

மீண்டும் விடைகளில் தொடங்குவோம். முதல் விடை மட்டும் லட்சக் கணக்கில் நிற்கிறது, மற்ற மூன்றும் கோடியில். இலக்கத்தை எண்ணினாலே அது விழுந்துவிடும். நான்கிலக்க எண்ணை நான்கிலக்க எண்ணால் பெருக்கினால் ஏழு அல்லது எட்டு இலக்கம் வரும். முதல் இலக்கங்கள் 4-உம் 6-உம் பெருகி 24, பத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே எட்டு இலக்கம். மீதி மூன்றில் குறைந்த இடைவெளி 3.03 கோடிக்கும் 3.63 கோடிக்கும் இடையில், சுமார் 20 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு என்றால் ஆறேழு சதவீதம் வரை நாம் பிசகலாம்.

4873-ஐ 5000 ஆக்குகிறோம். 127 கூட்டினோம், இரண்டரை சதவீதம் மேலே. 6217-ஐ 6000 ஆக்குகிறோம். 217 கழித்தோம், மூன்றரை சதவீதம் கீழே. ஒன்று மேலே, ஒன்று கீழே, நிகரமாக ஒரு சதவீதம்தான் கீழே. 5000 × 6000 = 3,00,00,000. விடை 3,02,95,441 என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

இப்போது அதையே 4873 × 6817 என்று மாற்றிப் பாருங்கள். பள்ளிக்கூடப் பழக்கப்படி இரண்டையும் பக்கத்து ஆயிரத்துக்கு உயர்த்தினால் 5000 × 7000 = 3,50,00,000. உண்மை விடை 3,32,19,241. ஐந்து சதவீதத்துக்கு மேல் தள்ளிவிட்டது, ஏனென்றால் இரண்டு பிழையும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. வகுப்பில் சொல்லிக்கொடுத்த "ஐந்துக்கு மேல் என்றால் உயர்த்து" என்ற விதி ஒற்றை எண்ணுக்கானது. பெருக்கலில் அதைக் கண்மூடித்தனமாகப் பின்பற்றக் கூடாது. முதல் எண்ணை இரண்டரை சதவீதம் உயர்த்தினீர்கள் என்றால், இரண்டாவதை ஏறத்தாழ அதே இரண்டரை சதவீதம் குறையுங்கள். 6817-இல் அது 170 சொச்சம், ஆக 6640. 5000 × 6640 என்பது 6640-இன் பாதியான 3320-உடன் நான்கு பூச்சியம்: 3,32,00,000. உண்மை விடைக்கு இவ்வளவு பக்கத்தில், வாயாலேயே போட்ட கணக்கில் வந்துவிட்டோம்.

எதை உயர்த்துவது, எதைக் குறைப்பது என்று எப்படி முடிவு செய்வது? ஒன்றைப் பெருக்குவதற்கு இலேசான எண்ணாக்குங்கள். 5, 25, 50, 100 போல. அப்புறம் மற்றதை அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். முதலில் நகர்த்தியது எத்தனை சதவீதம் என்பது நினைவில் நிற்க வேண்டும். அது மறந்துபோனால் இந்த முறை வெறும் ஊகமாகிவிடும்.

ஒரு முழுக் கேள்வி, 34 வினாடியில்

√3478 × 41.2 − 2508-இல் 19.8% = ?

விடைகள்: 980, 1450, 1930, 2430, 2930.

குறைந்த இடைவெளி 2430-க்கும் 2930-க்கும் இடையில், சுமார் 20 சதவீதம். தாராளம்.

3478-ஐ 34 | 78 என்று பிரிக்கிறோம், மூலம் ஐம்பதுகளில். 60-இன் வர்க்கம் 3600, அதைவிடக் குறைவு. 122 குறைவு, இரட்டிப்பு 120, ஆக ஒன்று குறைத்து 59. (59-இன் வர்க்கம் 3481 என்று மனப்பாடமாக இருப்பவர்களுக்கு இதுவும் தேவையில்லை.) 59 × 41-ஐ 60 × 41-இலிருந்து ஒரு 41 கழித்து 2460 − 41 = 2419 என்று எடுக்கலாம். அடுத்து 19.8%-ஐ 20% ஆக்கி, 2508-ஐ 2500 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு, 500. 2419 − 500 = 1919. விடை 1930. துல்லியமாகப் போட்டால் 1933 வரும்.

இந்த விடைத்தொகுப்பை இன்னொரு தடவை பாருங்கள். 2430 என்பது முதல் பகுதி மட்டும், கழிக்க மறந்தவருக்காக வைத்தது. 2930 என்பது கழிப்பதற்குப் பதில் கூட்டியவருக்கு. குத்துமதிப்புக் கேள்விகளில் ஆபத்து எண்களைச் சுற்றுவதில் இல்லை, அடையாளக் குறியைத் தவறவிடுவதில் இருக்கிறது. அதனால்தான் எழுதிப் போடும் கணக்கு குறைவாக இருந்தாலும் இடையில் வரும் இரண்டு எண்களையும், இங்கே 2419, 500, ஓரத்தில் எழுதிவைக்கச் சொல்கிறேன். கூட்டவா கழிக்கவா என்பது எழுதும்போது கண்ணில் படும்.

எங்கே இந்த முறை கைவிடும்

கழித்தலில். இரண்டு பெரிய எண்கள் ஏறத்தாழ சமமாக இருந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டியிருந்தால் குத்துமதிப்பைத் தொடாதீர்கள். 51.2 × 49.3 − 2499 என்ற கணக்கை எடுங்கள். விடைகள் 1, 25, 60, 140 என்று எவ்வளவோ தள்ளி இருக்கின்றன. அதைப் பார்த்துத் தைரியமாக 50 × 50 = 2500 என்று போட்டால் விடை 1 என்று வரும், அதுவும் விடைகளில் ஒன்றாக இருக்கிறது. உண்மையில் 51.2 × 49.3 = 2524.16. விடை 25. பெருக்கலில் நாம் செய்த பிழை ஒரு சதவீதம்தான். ஆனால் அந்த ஒரு சதவீதம் 24, கழித்த பிறகு மிஞ்சுவதே 25. மிஞ்சுவதோடு ஒப்பிட்டால் பிழை கிட்டத்தட்ட முழுவதும்.

இதை முன்கூட்டியே கண்டுகொள்ளும் வழி எளிது. கழித்த பிறகு வரும் விடைகள், கழிக்கப்படும் எண்ணோடு ஒப்பிட மிகச் சிறியவையாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே 2499-க்கு முன்னால் 1, 25, 60 எல்லாம் தூசு. அப்போது ஒவ்வொரு பெருக்கலையும் முழுதாகப் போட வேண்டும். முந்தைய கேள்வியில் 2419-இலிருந்து 500 போய் 1919 மிஞ்சியது, அங்கே பயமில்லை.

விடைகள் நெருக்கமாக இருந்தாலும் இந்த முறை உதவாது. 4873 × 6217-க்கே 3,02,95,441, 3,02,94,441, 3,03,05,441 என்று கொடுத்தால், மூன்றும் ஒரே இலக்கத்தில் முடிகின்றன, குத்துமதிப்பும் பிரிக்காது. அங்கே இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கிச் சரிபார்ப்பதுதான் வழி. 4873-க்கு 4, 6217-க்கு 7, பெருக்கல் 28, அதாவது 1. விடைகளில் முதலாவதுதான் 1 தருகிறது, மற்றவை 9-உம் 2-உம்.

உங்கள் குத்துமதிப்பு இரண்டு விடைகளுக்கு ஏறத்தாழ நடுவில் விழுந்தால் அருகில் இருப்பதைக் குறித்துவிட்டு நகராதீர்கள். வங்கித் தேர்வில் தவறுக்குக் கால் மதிப்பெண் போகும். நீங்கள் எந்தப் பக்கம் சுற்றினீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். இரண்டு எண்களையும் உயர்த்தியிருந்தால் உண்மை விடை கீழே இருக்கும். குறைத்திருந்தால் மேலே. பெரும்பாலும் அந்த ஒரு கேள்வியே விடையைத் தீர்த்துவிடும். இல்லாவிட்டால் ஒரே ஒரு எண்ணைக் கொஞ்சம் நெருக்கமாகச் சுற்றி மறுபடி போடுங்கள், அதற்கு ஐந்து வினாடி ஆகும்.

இதற்கெல்லாம் முன்னால் கையில் இருக்க வேண்டியது 1 முதல் 30 வரை வர்க்கங்கள். அதோடு 35, 45, 55 என்று ஐந்தில் முடிபவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மனப்பாடமே வேண்டாம். 35 என்றால் 3-ஐ அடுத்த எண்ணான 4-ஆல் பெருக்கி 12, பின்னால் 25 சேர்த்து 1225. சித்தப்பா சொன்ன முப்பத்தஞ்சு வரிசைக்கு முப்பத்தஞ்சு கன்றும் அதே 1225 தான். சேரன்மகாதேவிப் பெண் இந்த வர்க்கங்களை ரயிலில் ஸ்டேஷனுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். ஜங்ஷனில் இறங்குவதற்குள் ஒன்பது வர்க்கம் ஆகிவிடும் என்றாள்.